ஒன்பதாம் நிறுத்தம்

பள்ளி முதல்வரிடம் தரவிருந்த திட்ட அறிக்கை பதினோரு பக்கம் நீண்டது. அதில் பத்துப் பக்கங்களை எழுத சஃபீனாவுக்குத் தடையேதும் இருக்கவில்லை. ஏழாம் பக்கத்து அட்டவணையின் கடைசி வரி மட்டும் அவள் கையைப் பிடித்து நிறுத்தியது.

மும்பை தாராவியில் தன் தந்தை கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறைக்கு மேல் இருந்த மச்சறையே அவளுடைய அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, கீழிருந்து ஓயாமல் ஏறிவரும் பசையின் நெடி. அங்கிருந்தபடி அவள் ஆக்கியிருந்த செயலி எளியது. பள்ளிப் பேருந்தில் பொருத்திய சிறு கருவி, வண்டி நிற்கும் இடத்தைப் பத்து நொடிக்கு ஒருமுறை அனுப்பும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையில் அந்த வேளையில் வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பல நாள் ஓட்டத்திலிருந்து கற்றுக்கொண்டு, இன்னும் எத்தனை நிமிடத்தில் வண்டி வரும் என்று தாய்மாரின் கைபேசியில் காட்டும். மழையில் குடை பிடித்து அரைமணி நேரம் தெருவில் நிற்க வேண்டியதில்லை. மூன்று நிமிடம் என்று காட்டும்போது படியிறங்கினால் போதும். செம்பூரில் இருந்த அந்தப் பள்ளி, ஒரே ஒரு வண்டியில் நான்கு வாரம் சோதித்துப் பார்க்க அனுமதித்திருந்தது. மாஹிமில் புறப்பட்டு, மேற்கு மாட்டுங்காவைச் சுற்றி, தாராவியின் விளிம்பு வழியே சயானைக் கடந்து செம்பூர் சேரும் வண்டி அது.

வண்டி எங்கெல்லாம் நிற்கிறது என்பதை யாரும் கருவிக்குச் சொல்லித் தரவில்லை. முப்பது மீட்டர் வட்டத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அப்படியே நின்றால், அந்த இடத்தை நிறுத்தம் என்று அது தானே எழுதிக்கொள்ளும். பள்ளி தந்த பட்டியலில் எட்டு நிறுத்தங்கள். கருவி எழுதிக்கொண்டவை ஒன்பது. தொண்ணூறு அடிச் சாலை முனை; காலை ஆறு ஐம்பத்திரண்டு; நான்கு நிமிடம்; இருபது நாளில் பத்தொன்பது நாள்.

அது என்ன இடம் என்பது சஃபீனாவுக்குத் தெரியும். அந்த முனைக்கு எதிர்ச்சந்தில்தான் அவளும் பிறந்து வளர்ந்தாள். அரசு ஒதுக்கீட்டில் அந்தப் பள்ளியில் இடம் பெற்ற பிள்ளைகள் மூவர் அங்கே நின்றார்கள். ஒதுக்கீடு பாடத்துக்கு உண்டு, பேருந்துக்குக் கிடையாது. வண்டியின் உதவியாளர் இசக்கிசெல்வி இறங்கிப்போய், சமிக்ஞை விளக்கில்லாத அந்தச் சாலையைக் கைபிடித்துக் கடத்தி, காலியாகக் கிடந்த இருக்கைகளில் அவர்களை அமர்த்திக்கொண்டு வந்தாள். மூவரில் மூத்தவள் செண்பகா, இசக்கிசெல்வி பெற்ற மகள்.

பிற்பகலில் வண்டியை நிறுத்திவிட்டு இசக்கிசெல்வியும் ஓட்டுநர் மன்சூர் அலியும் மச்சறைக்கு ஏறி வந்தார்கள். சஃபீனா அழைத்திருந்தாள்.

“அக்கா, இந்த ஒம்பதாவது எடத்த நான் தூக்கிருதேன். ட்ராஃபிக்குன்னு கணக்குல கழிச்சிரலாம். யாரும் கேக்க மாட்டாவ.”

“ஏம்ட்டி தூக்கணும்?” என்றாள் இசக்கிசெல்வி.

“லிஸ்ட்ல இல்லாத எடம்லா?”

“அப்போ லிஸ்ட்ல போடு.”

மன்சூர் அலி தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார். “ஏளா செல்வி, அஞ்சு வருசமா சத்தமில்லாம ஓடுது. கெடக்கத எதுக்குச் சொறியுத?”

“சத்தமில்லாம ஓடுனா ஒருநாள் சத்தமில்லாம நின்னுபோவும், பாய். சர்வேக்காரன் என் வீட்டுக்கு நம்பர் போட வந்தப்போ நான் வண்டியில இருந்தேன். வீடு பூட்டிக் கெடக்குன்னு எழுதிட்டுப் போய்ட்டான். எட்டு மாசம் அலைஞ்சேன். இப்போ கதவுல சேப்பு பெயிண்டுல நம்பர் இருக்கு. அந்த நம்பர் இருக்கப்போயி நாளைக்கு எவன் வந்து இடிச்சாலும் எனக்கு எடம் தரணும். நம்பர் இல்லாதவ கதி என்னான்னு ரெண்டு பேருக்கும் தெரியும்லா?”

தெரியும். தாராவியில் அதை அறியாதவர் இல்லை. கணக்கெடுப்பில் விழுந்த வீடு வீடாகும். விழாதது வெறும் தகரம். எழுத்தில் ஏறுவதே பிழைப்பதற்கு வழி என்பதை அந்தச் சந்துகள் தலைமுறை தலைமுறையாகப் பட்டுக் கற்றிருந்தன. ஏறக் கூடாத ஏடும் உலகில் உண்டு என்பதைக் கற்கும் வாய்ப்பு அவற்றுக்கு வாய்க்கவில்லை.

“இந்தப் பேப்பர்ல நம்பர் விழுந்துட்டுன்னா அது ஸ்டாப்பு. பெறவு நான் வேலையில இருந்தாலும் இல்லாட்டாலும் வண்டி நின்னுதான் போவணும்” என்றாள் இசக்கிசெல்வி. “ஸ்கூல் பிரின்சிபால் பெரியம்மா நல்லவுக. காலையில ப்ரேயர்ல அவுக பாடுதத நீ கேட்டிருக்கியா? கண்ணுல தண்ணி நிக்கும் பாத்துக்கோ.”

சஃபீனா எழுதினாள். ஒன்பது: தொண்ணூறு அடிச் சாலை முனை. மாணவர் மூவர். அங்கீகரிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. கடைசிச் சொல்லைத் தட்டச்சு செய்தபோது அவளுக்கே ஒரு நிறைவு உண்டாயிற்று. நன்றிக்கடன் என்று அதை அவள் எண்ணினாள். நான்கு வாரமும் கருவிக்கு மின்சாரம் அறாமல், கம்பி கழலாமல், சயான் பாலத்தடியில் புள்ளி மறையும் போதெல்லாம் தொலைபேசியில் சொல்லிக் காத்தவள் இசக்கிசெல்விதான்.

முதல்வர் பிரேமலதா அம்மையாரின் அறையில் வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று எந்நேரமும் எரிந்தது. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக அலுவலகம் போய்வந்த குடும்பத்தில் பிறந்தவர். பழைய பதிகங்களைப் பண்ணோடு பாடக் கற்றவர். நாள்தோறும் காலை ஏழு முப்பதுக்குப் பள்ளியின் வாயிற்கதவு அடைபடும். அடைபட்ட பின் அவர் குரல் எழும். பிந்தி வந்த பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்று அந்தப் பாட்டைக் கேட்டு, முடிந்த பிறகே உள்ளே வருவார்கள். மூன்று நாள் பிந்தியவர்கள் அங்கிருந்தே வீடு திரும்புவார்கள். இறைவன் கருணைக்கடல் என்று முடியும் பாட்டுக்கும் அந்தக் கதவுக்கும் இடையே முரண் உண்டென்று அவருக்குத் தோன்றியதில்லை.

ஏப்ரல் மாதத்து முற்பகலில் சஃபீனா அவர் எதிரே அமர்ந்தாள். போக்குவரத்துப் பொறுப்பாளர் பத்ரி சுவரோரம் நின்றார். முந்தின நாளே கைக்கு வந்திருந்த அறிக்கையை அம்மையார் மீண்டும் பக்கம் பக்கமாகப் படித்தார். இடையிடையே கேட்ட கேள்விகள் கூர்மையானவை.

“ஒரு பேரன்ட் எல்லா பஸ்ஸையும் பார்க்க முடியுமா?”

“முடியாது மேடம். அவங்க பிள்ளை ஏறுற பஸ் மட்டும்தான். அதுவும் ஓட்டம் நடக்கிற நேரத்தில மட்டும்.”

“நெட்வொர்க் போனா?”

“கருவி சேர்த்து வச்சு அப்புறம் அனுப்பும். அதுவரைக்கும் பழைய நேரத்தைக் காட்டாம, ‘தகவல் இல்லை’ன்னு காட்டும். தப்பான நேரம் காட்டுறதுக்கு அது மேல்.”

“வெரி குட். முன்னாடி வந்த கம்பெனிக்காரன் ஒருத்தனும் இதைச் சொல்லலை.” அம்மையார் பத்ரியைப் பார்த்துப் புன்னகைத்தார். “ரொம்பச் சுத்தமா எழுதியிருக்கா, இல்லையா? எங்க படிச்சே? பாந்த்ராவில பாலிடெக்னிக்கா. தாராவியிலேர்ந்து வந்து இப்படி எழுதறது பெரிய விஷயம்.”

சஃபீனா முகம் மலர்ந்தாள். அம்மையார் ஏழாம் பக்கத்துக்கு வந்திருந்தார்.

“இருபது நாள்ல பத்தொன்பது நாள் நின்னிருக்கு. ஒரு நாள் மட்டும் நிக்கலை. பத்ரி, மார்ச் பன்னிரண்டு அந்த வண்டியில யார் லீவு?”

பத்ரி வருகைப் பதிவேட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அது முன்பே திறந்து, ஒரு வரியில் பென்சில் கோடிட்டு, அம்மையாரின் மேசைமேல் கிடந்தது. சஃபீனா அப்போதுதான் அதைக் கண்டாள்.

“இசக்கிசெல்வி, மேடம்” என்றார் பத்ரி, தரையை நோக்கி.

“கூப்பிடுங்க. அவங்க வாயாலேயே கேட்போம்.”

இசக்கிசெல்வி சீருடைச் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டு உள்ளே வந்தாள். மேசைமேல் அறிக்கை விரிந்திருந்ததையும், அதில் ஒன்பது என்ற இலக்கத்தையும் கண்டவள் விளக்கை நோக்கிக் கைகுவித்தாள். பின்பு அம்மையாரை நோக்கியும்.

“அந்த முனையில யார் ஏறுறா, செல்வி?” அம்மையாரின் குரல் தேனாய் இருந்தது.

“நம்ம ஸ்கூல் பிள்ளைகதாம்மா. மூணு பேரு. ரெண்டாவதுல பரீஹா, ஆறாவதுல சைஃபு, ஏழாவதுல செண்பகா. வண்டியில எட்டு சீட்டு காலியாத்தாம்மா கெடக்கும். யாருக்கும் எடைஞ்சல் கெடையாது.”

“எத்தனை நாளா?”

“அஞ்சு வருசமாம்மா.” அவள் அதைப் பணிமூப்பைப் போலச் சொன்னாள். “ஒரு நாள் ஒரு பிள்ளைக்குக் கீறல் விழுந்ததில்ல. நானே எறங்கிக் கூட்டியாருவேன்.”

“செண்பகா யாரு?”

“என் மவதாம்மா.”

அம்மையார் மூன்று பெயரையும் அழகிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இசக்கிசெல்வி எழுதப்படும் பெயர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவில் சிவப்பு இலக்கம் விழுந்த நாளில் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள்.

“நிறுத்தின நாலு நிமிஷத்துக்குள்ள பின்னாடி லாரி வந்து இடிச்சா? பாஸ் இல்லாத பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? மாட்டுங்காவிலேயும் மாஹிமிலேயும் ஏறுற பிள்ளைகளோட அம்மாக்கள் தினம் நாலு நிமிஷம் எதுக்குக் கொடுத்திருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?” குரல் உயரவே இல்லை. “பத்ரி, அஞ்சு வருஷம் உங்களுக்குத் தெரியாதது இந்தப் பொண்ணோட டப்பாவுக்கு நாலு வாரத்தில தெரிஞ்சிருக்கு. உங்க சம்பளத்தை அதுக்குக் கொடுக்கலாமா?”

பத்ரி சிரிக்க முயன்று தோற்றார்.

இசக்கிசெல்விக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. “அதுக்குத்தாம்மா இப்போ நம்பர் போட்டாச்சே” என்றாள்.

அம்மையார் சஃபீனா பக்கம் திரும்பினார். “ஒரு டவுட். பஸ் ட்ராஃபிக்ல நிக்கிறதுக்கும், ஆள் ஏத்த நிக்கிறதுக்கும் உங்க ஆப்புக்கு வித்தியாசம் தெரியுமா?”

தொழிலறிந்தவரிடம் தொழிலைப் பற்றிய நல்ல கேள்வி கேட்டால் விடை தானே முந்தும். “இப்போ தெரியாது மேடம். ஆனா கருவியில ரெண்டு வயர் சும்மாத்தான் இருக்கு. கதவில ஒரு ஸ்விட்ச் வச்சு அதில சேர்த்தா, கதவு திறந்ததா மூடினதான்னு வந்துடும். நிறுத்த வட்டத்துக்கு வெளியே திறந்தா உடனே ஒரு அலர்ட்...”

அங்கே அவள் நாக்கு நின்றது. சொல் நிற்கவில்லை, அது அம்மையாரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“யாருக்கு அலர்ட்?”

சஃபீனாவின் பார்வை பென்சில் கோடிட்ட பதிவேட்டுக்குப் போயிற்று.

“எனக்கு. என் போனுக்கு. நல்லது.” அம்மையார் பேனாவை எடுத்து ஒன்பதாம் வரியின்மேல் அளவுகோல் வைத்துக் கோடிழுத்தார். ஓரத்தில் ‘கதவு உணரி சேர்க்க’ என்று எழுதினார். “அறிக்கையை ஏத்துக்கறேன். பதினாலு வண்டிக்கும் போடலாம். ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது ரெடியா இருக்கணும். இந்த ரெண்டு மாற்றத்துக்கும் இனிஷியல் போடும்மா.”

சஃபீனா இசக்கிசெல்வியைப் பார்த்தாள். இசக்கிசெல்வி கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக் கதவிலிருந்து யாரோ சிவப்பு இலக்கத்தைச் சுரண்டுவதைக் காண்பவள் போல, வாய் சற்றே திறந்திருந்தது.

“மேடம், அக்கா நல்ல எண்ணத்திலதான்...”

“அதான் நான் செல்வியை வேலையை விட்டு அனுப்பலை. பிள்ளைகள் மௌசி மௌசின்னு, சொந்தச் சித்தி மாதிரி ஒட்டிண்டிருக்கு. அதே வண்டியில, அதே ரூட்ல இருக்கட்டும். எழுத்தில ஒரு எச்சரிக்கை மட்டும். கதவு ஒரு தடவை திறந்தா அப்புறம் பார்க்கலாம்.” அம்மையார் எழுந்தார். “அந்த மூணு பேரும் அவங்களாவே வரட்டும். கேட் ஏழு முப்பது வரைக்கும் திறந்துதானே இருக்கு? இனிஷியல், சஃபீனா.”

சஃபீனா இரண்டு இடத்தில் கையெழுத்தின் முதலெழுத்தை இட்டாள். நடுக்கமில்லாமல் வந்தது. அதை அவள் பின்னாளில் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

சஃபீனாவும் இசக்கிசெல்வியும் வாயிலைக் கடந்து, வண்டி நின்ற வேப்பமரத்தடிக்கு வந்தார்கள்.

“அக்கா, நீங்கதான போடச் சொன்னீங்க” என்றாள் சஃபீனா. அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

“ஆமா. நம்பர் கேட்டவ நான்தான். உன்னிய நான் குத்தம் சொல்லல.” இசக்கிசெல்வி பேருந்தின் மூடிய கதவை நோக்கியபடி பேசினாள். “அவுக கதவப் பத்தி ஒண்ணும் கேக்கலையே, தாயீ. ட்ராஃபிக்கா இல்லையான்னுதான கேட்டாவ? ஸ்விட்ச எவ கேட்டா?”

ஜூன் நடுவில் பள்ளி திறந்தது. மழையும் அதே வாரம் இறங்கியது. செயலி பிழையின்றி ஓடியது. மாஹிமில் தாய்மார் வண்டி மூன்று நிமிடத்தில் இருக்கும்போது படியிறங்கினார்கள். நனையாத பிள்ளைகளை நனையாத கைகள் ஏற்றிவிட்டன. முதல் வாரத்திலேயே நானூறு பேர் ஐந்து நட்சத்திரம் இட்டார்கள். வண்டி நாள்தோறும் நான்கு நிமிடம் முந்திச் செம்பூர் சேர்ந்தது.

செண்பகாவும் மற்ற இருவரும் நகரப் பேருந்தில் சயான் போய் இறங்கி, வேறொன்றில் ஏறினார்கள். திங்களன்று பிந்தி, கதவுக்கு வெளியே நின்று பாட்டைக் கேட்டார்கள். செவ்வாயன்றும் பிந்தினார்கள். மூன்றாம் முறை பிந்தினால் வீடு. அதனால் புதனன்று, வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமுன்பே கிளம்பி, ஆறே முக்காலுக்கே தொண்ணூறு அடிச் சாலை முனைக்கு வந்து நகரப் பேருந்துக்காக நின்றார்கள். நகரப் பேருந்து வரவில்லை. சாலையில் முழங்கால் நீர்.

பள்ளிப் பேருந்து வந்தது. முன்னால் ஒரு டெம்போ நீரில் அணைந்து குறுக்கே நிற்க, மன்சூர் அலி பிரேக்கை மிதித்தார். வண்டி, ஐந்தாண்டாக எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலேயே, அந்த மூவருக்கும் நேராக, கதவு அவர்கள் பக்கமாக நின்றது. மணி ஆறு ஐம்பத்திரண்டு.

பரீஹாவுக்கு எட்டு வயது. அவள் கண்டது தன் வண்டி, வழக்கமான இடம், வழக்கமான வேளை. துள்ளி ஓடிவந்து கதவைத் தட்டினாள். “மௌசி! மௌசி!”

கதவுச் சட்டத்தில் புதிதாய்ப் பொருத்திய, விரல்நுனி அளவே உள்ள வெள்ளைப் பொத்தான் இசக்கிசெல்வியின் கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது.

“செல்வி” என்றார் மன்சூர் அலி, கண்ணாடியில் அவளைப் பார்த்து. அதற்கு மேல் சொல்லத் துணியவில்லை, அவர் சம்பளத்தை நம்பியும் மூன்று பிள்ளைகள்.

“மௌசி, அந்தப் பொண்ணு தட்டுறா” என்றான் உள்ளே இருந்த ஒரு சிறுவன். “தர்வாஸா கோலோ நா, கதவைத் திறங்க.”

“இது ஸ்டாப் இல்ல ராசா.”

“முன்னாடி ஸ்டாப்தானே?”

அவள் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணினாள். கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. சைஃப் பிளாஸ்டிக் தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, சன்னல் வழியே காலி இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

கைபேசி அடித்தது. பத்ரி.

“மௌசி, வண்டி மூணு நிமிஷமா நிக்குதே. மேடம் கேக்குறாங்க. எங்க?”

“ட்ராஃபிக் சார். தண்ணி.”

“எந்த இடம்னு ஸ்க்ரீன்ல தெரியுது, மௌசி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “கதவு மூடித்தான் காட்டுது. அப்படியே இருக்கட்டும்.”

அப்போது செண்பகா வந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எச்சரிக்கைக் கடிதத்தைத் தாய்க்குப் படித்துப் பொருள் சொன்னவள் அவள்தான். கண்ணாடிக்கு அப்பால் தாயின் முகத்தை அவள் ஒருமுறை பார்த்தாள். பின்பு பரீஹாவின் கையைக் கதவிலிருந்து பிரித்தாள்.

“தட்டாத. இது நம்ம வண்டி இல்ல.”

“மௌசி இருக்காங்கல்ல?”

“எந்த மௌசி? எனக்கு யாரையும் தெரியாது. வா.”

கண்ணாடி மூடியிருந்தது, ஆயினும் ஒவ்வொரு சொல்லும் உள்ளே கேட்டது. வண்டியில் இருந்த இருபத்தொன்பது பிள்ளைகளும் கேட்டார்கள். செண்பகா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மழை அவள் பின்னலின் வழியே ஒழுகிச் சட்டையை முதுகோடு ஒட்டவைத்தது. டெம்போவைத் தள்ளி ஓரங்கட்டும்வரை அவள் திரும்பவில்லை. வண்டி நகர்ந்தபோதும் திரும்பவில்லை.

இசக்கிசெல்வி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

மச்சறையில் சஃபீனாவின் திரையில் அந்தப் புள்ளி நான்கு நிமிடம் அசையாமல் நின்று, பிறகு சயானை நோக்கி ஊர்ந்தது. கதவு: மூடியுள்ளது. விதிமீறல்: இல்லை. தாய்மாருக்குச் செய்தி தானே போயிற்று: வண்டி நான்கு நிமிடம் தாமதம், பாதுகாப்பாக வந்துகொண்டிருக்கிறது.

ஏழு முப்பதுக்கு வாயிற்கதவு அடைபட்டது. உள்ளே பாட்டு எழுந்தது. அன்று அம்மையாரின் குரல் மிகவும் நன்றாக இருந்ததாக ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். மூவரும் ஏழு ஐம்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். காவலாளி பதிவேட்டைப் பார்த்தார். மூன்றாம் நாள் என்றார். கையால் சாலையைக் காட்டினார்.

காலி வண்டி உள்முற்றத்தில் நின்றது. அதன் படியில் அமர்ந்து, இசக்கிசெல்வி இருக்கைகளின் அடியில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து வாயிற்கம்பிகள் தெரியும். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வண்டியின் கதவு திறந்திருந்தது, பள்ளி வளாகம் அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தம்.